கைவிட்டதாக நான் எழுதிய கூடைகள்

அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி அறையில் நானும் என் நண்பனும் இரண்டு வருடம் ஒன்றாகத் தங்கியிருந்தோம். அவன் ராயபுரத்துக்காரன். வேலையும் எங்களுக்கு ஒரே இடத்தில். குரோம்பேட்டையில் தோல் பை, பெல்ட், செருப்பு விற்கும் கடை ஒன்று இரண்டாயிரத்து ஏழு வாக்கில் இணையத்திலும் விற்கத் தொடங்கியிருந்தது. கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். இணையதளத்தின் பக்கங்களைச் செய்வது அவன், எண்களைப் பார்ப்பது நான், போனில் வரும் ஆர்டர்களை எடுப்பது ஒரு அக்கா. முதலாளியை எல்லோரும் பாய் என்போம்.

தளத்துக்கு வருகிறவர்கள் வாங்க நினைப்பதை எடுத்து வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் கார்ட் என்று பெயர். பாய் அதைக் கூடை என்பார். எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்கள்தான் பாயின் தீராத கவலை. கடைக்குள் வந்து பையைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே போட்டுவிட்டுப் போனால் ஏன் என்று கேட்கலாம், இதில் யாரைக் கேட்பது என்பார்.

அதற்காகத்தான் அவன் இரண்டு மாதம் உழைத்துப் பணம் கட்டும் பக்கத்தைப் புதிதாகச் செய்தான். மேலே பெரிய எழுத்தில் ஆபீஸ் போன் நம்பர். அதன் கீழே, பேங்க் கார்டு நம்பர் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு வரி. அந்தக் காலத்தில் இணையத்தில் கார்டு நம்பரைத் தட்ட நிறையப் பேருக்குப் பயம்.

பக்கம் வந்து ஒரு மாதம் ஆனதும் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பழைய பேஜ் எப்படி, புதுசு எப்படின்னு பார்த்துச் சொல்லுங்க. அவர்கிட்ட இப்போதைக்கு சொல்ல வேணாம். மனசு கஷ்டப்படும்."

என்னை நம்பி ஒரு ரகசியம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. கூடைப் பட்டியலை இடது பக்கம் வைத்து, முடிந்த ஆர்டர்களின் பட்டியலை வலது பக்கம் வைத்து, கூடை நம்பரைக் கொண்டு இரண்டையும் இணைப்பேன். எதிரே ஆர்டர் இருந்தால் வாங்கிய கூடை. எதிரே காலியாக இருந்தால் கைவிட்ட கூடை. காலியானதை மொத்தத்தால் வகுத்தால் விகிதம். பழைய பக்கத்தில் பத்துக் கூடையில் ஏழு கைவிடப்பட்டிருந்தன. புதிய பக்கத்தில் எட்டுக்கும் மேல்.

இரண்டு வாரம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்ததால் அது சரி என்று நினைத்துவிட்டேன். தப்பான கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அந்த நாட்களில் மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"இன்னா மச்சான், நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. ஆபீஸ் வேலை."

"நானும் அதே ஆபீஸ்தான்டா," என்று சிரித்தான்.

நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்க அறிக்கையைப் பாய் ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்திருந்தார். மொத்த ஆர்டர் குறையவில்லையே, கொஞ்சம் கூடித்தானே இருக்கிறது என்று அவரே ஒருமுறை இழுத்தார். பிறகு, நோன்பு மாதம், பெருநாளுக்கு வாங்குவார்கள், கூடத்தான் செய்யும் என்று தானே முடித்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். பழைய பக்கம் திரும்பி வந்தது. அவனுடைய ஒப்பந்தத்தைப் பாய் நீட்டிக்கவில்லை. காரணம் கேட்டவனிடம் அறிக்கையைக் காட்டினார். அடியில் என் கையெழுத்து இருந்தது.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பைகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கொஞ்ச நாளில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக வேறொருவர் மூலம் தெரிந்தது.

அதன் பிறகு அறை எனக்கு மட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டால் திங்கட்கிழமை காலை வரை டீக்கடையில் "ஒரு டீ" என்பதைத் தவிர நான் எதுவும் பேசாத வாரங்கள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் கோவிலுக்குப் போனேன். படியேறி, கும்பிட்டு, கீழே இறங்கிவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. தனிமை என்பதைப் பெரிய வார்த்தையாக அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது மிகவும் சில்லறையான சமாச்சாரம், ஆனால் நாள் முழுக்க இருக்கும்.

பேச ஆளில்லாததால்தான் மதியச் சாப்பாட்டுக்கு அக்காவின் மேசைக்குப் போகத் தொடங்கினேன். ஒரு நாள் டப்பாவைத் திறந்துகொண்டே அவர் சொன்னார்: "போன் அடிக்கவே மாட்டேங்குதுப்பா. அந்தப் பையனோட பேஜ் இருந்தப்போ சாப்பிடக்கூட நேரம் இருக்காது."

போன் ஆர்டரை எப்படிப் பதிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டுத்தான் கூப்பிடுவாங்க. என்னென்னன்னு கேட்டு நான் என் ஸ்கிரீன்ல புதுசா ஒரு ஆர்டர் போடுவேன். கூடை நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டாலும் எடுத்துக்கும்."

அவ்வளவுதான். போனில் வாங்கியவரின் கூடை எதிரே ஆர்டர் இல்லாமல் நிற்கிறது. அவருடைய ஆர்டரோ கூடை நம்பர் இல்லாமல் வேறெங்கோ கிடக்கிறது. வாங்கியவரையே கைவிட்டவர் என்று எழுதியிருக்கிறேன். பக்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவு மோசமாக என் எண்ணில் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு முறை ஆர்டர் பட்டியலிலிருந்து தொடங்கி இணைத்துப் பார்த்திருந்தால், கூடையில்லாத ஆர்டர்கள் குவிந்து கிடப்பது கண்ணில் பட்டிருக்கும்.

கூடையோடு வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த போன் நம்பரையும், மூன்று நாளுக்குள் அதே சாமானுக்கு வந்த ஆர்டரையும் வைத்து மறுபடி பொருத்தினேன். நியாயமாக இருக்கட்டும் என்று பழைய பக்கத்துக்கும் அதே முறையில் போட்டேன். பழையது ஏழிலிருந்து ஆறரை ஆனது. புதியது ஆறுக்கும் கீழே இறங்கியது. இதுவும் முழு உண்மை இல்லை என்று பாயிடம் சொன்னேன். பிரௌசிங் சென்டரில் ஒரு கூடை, வீட்டில் ஒரு கூடை என்று இரண்டை நிரப்பி ஒன்றை மட்டும் வாங்கியவர் இருப்பார். அனுப்பும் செலவைத் தெரிந்துகொள்ள மட்டும் நிரப்பியவர் இருப்பார். எத்தனை கூடை ஆர்டரோடு பொருந்தவில்லை என்பதைத்தான் விகிதம் சொல்லும். ஏன் என்பதை அது சொல்லாது.

"தப்பு என்னோடதும்தான் தம்பி. அவரைக் கூப்பிடுங்க. திரும்ப வரச் சொல்லுங்க," என்றார் பாய்.

சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து பெங்களூருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் ஒப்பித்தேன், மன்னிப்பும் கேட்டேன். பாய் வரச் சொன்னதைச் சொன்னேன்.

"ஆறுக்குக் கீழயா? பரவால்லையே," என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு சொன்னான்:

"வேலை எங்க வேணா கிடைக்கும் மச்சான். நீ கணக்கு போட்ட ரெண்டு வாரமும் ஒரே ரூம்ல படுத்துகினு இருந்தோம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். போன் பண்ணட்டும்னுதானே அந்த நம்பரையே போட்டேன்."

அவன் வைக்கும் வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.