‘இதில் அடங்காதவை’ என்ற பத்தி

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பாறசாலையில் எங்கள் வீட்டு மாடியிலிருந்தே தனியாக சாஃப்ட்வேர் செய்து கொடுக்கத் தொடங்கிய என் மகளுக்குக் கிடைத்த முதல் ஆள், எங்கள் சபையைச் சேர்ந்த பல் டாக்டர். நோயாளிகள் போனிலேயே நேரம் குறித்துக்கொள்ளும் வசதி அவருக்கு வேண்டும். இது நன்றாக முடிந்தால் வீட்டில் இருந்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் நம்பினாள்.

டாக்டருக்கு அனுப்புமுன் ஒப்பந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினாள். இரண்டு பக்கம். என்னென்ன செய்து தருவாள், எந்தக் கட்டத்தில் எதைக் காட்டுவாள், முன்பணம், சோதனை வடிவம் காட்டியதும் இரண்டாம் தவணை, ஒப்படைத்ததும் மீதி. கடைசியில் ‘இதில் அடங்காதவை’: பழைய நோயாளி ரெஜிஸ்டர்களைக் கணினியில் ஏற்றுவது, மொபைல் ஆப், ஒரு மாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு.

“இது எதுக்கு மக்கா? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, இவளுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொன்ன மாதிரி இருக்கு” என்றேன்.

“எம்மா, அதாக்கும் முக்கியம்” என்றாள். அப்படியே அனுப்பினாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டாக்டர் என்னிடம் வந்தார். “டீச்சரே, பழைய ரெஜிஸ்டர் மோளு ஏத்தித் தரமாட்டாளாம். அப்போ வேற ஆளப் பாக்கட்டா?”

வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் முந்திக்கொண்டேன். “அதெல்லாம் செய்வா டாக்டரே. நம்ம பிள்ளையில்லியா.”

மறுநாள் கையெழுத்தும் முன்பணமும் வந்தன. “பாத்தியளா, ஒரு வரிகூட மாத்தச் சொல்லல்ல” என்று அவள் சிரித்தபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து சோதனை வடிவத்தைக் காட்டினாள். இரண்டாம் தவணைக்குப் பதில், ஆட்டோவில் மூன்று சாக்கு ரெஜிஸ்டர் வந்து இறங்கியது. அவள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் சாந்தமாகவே இருந்தது. “சபையில வச்சு அம்மா ஏத்துக்கிட்டாங்களே, மோளே. அதும் முடியட்டு, பாக்கி தரலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு முதல் சாக்கை அவிழ்த்தாள்.

பன்னிரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினாள். ஒரு சாக்கில் பாதிகூட ஒழியவில்லை. அதற்குள் காஞ்சிரங்குளத்திலிருந்து விசாரித்த இன்னொருவர், பதில் வராததால் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

“அம்மா தெரியாம சொல்லிட்டாங்கன்னு எழுது மக்கா.”

“எழுதினா, நாளைக்கு அவரு உங்கள சபையில எப்படிப் பாப்பாரு?”

வேலையிலிருந்து விலகுவதாக எழுதி, முன்பணத்தையும் திருப்பி அனுப்பினாள். ‘என் தரப்பில் ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறேன்’ என்று அதில் இருந்தது. பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள்.

போன ஞாயிறு டாக்டர் என்னிடம் வந்து அன்பாகத்தான் பேசினார். “மோளு நல்ல பிள்ளை டீச்சரே. சொன்ன வாக்கக் காப்பாத்த இன்னும் பழகல்ல, அவ்வளவுதான்.”

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் ஆமென்று தலையாட்டினேன்.