கவரைக் கழற்றிப் பார்த்த பிழை

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கை சும்மா இராது. யார் ஃபோனை நீட்டினாலும், அவர் கதை முடியுமுன்னே கவரைக் கழற்றி மேசையில் எறிந்துவிடுவேன். அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் காலையில் என் மானத்தை வாங்கியது.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் படபடப்போடு வந்தார். கீழே சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு, காசு கட்டக் கார்ட் மெஷினில் ஃபோனை மூன்று தரம் வைத்திருக்கிறார். மெஷின் அசையவே இல்லை. காசு வாங்க நின்றவள் அவரிடம் படித்த பிள்ளை. வரிசையில் யாரோ, “வங்கியில காசில்லைப் போல” என்று முணுமுணுத்திருக்கிறார்கள். டீச்சர் சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“நான் படிப்பிச்ச பிள்ளைக்கு முன்னால, இந்த வயசில எனக்கு இது தேவையோ தம்பி?”

வழக்கம்போலக் கவரைக் கழற்றினேன். ஃபோனை மெஷினோடு பேச வைக்கிற என்எஃப்சி ஓனில்தான் இருந்தது. அந்த மாடலுக்கு அன்டெனா பின்பக்கம், கமராவுக்குச் சற்றுக் கீழே. என் வங்கி அட்டையை அந்த இடத்தில் வைத்தேன். ஃபோன் டிங் என்று அட்டையை வாசித்தது.

“ஃபோனில ஒரு பிழையும் இல்லை டீச்சர். அவையின்ர மெஷின்தான் பழுது. முகத்துக்கு நேரே சொல்லுங்கோ!”

எனக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கவரை மாட்டிக் கொடுத்தேன்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது.

“மெஷின் பழுது பிள்ளை எண்டு சொன்னனான். பின்னால நிண்டவர் அதே மெஷினில தன்ர ஃபோனை வைச்சார். உடனே போச்சுது. எல்லாரும் சிரிச்சவை.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தத் தரம் கவரோடு அட்டையை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. கவரைத் திருப்பினேன். தடித்த கவர், அதன் முதுகில், சரியாக அன்டெனாவுக்கு மேலே, அட்டை வைக்கிற உலோகக் கூடு ஒட்டியிருந்தது. வெறும் தடிப்பென்றால் நன்றாக நெருக்கி வைத்துச் சமாளித்திருக்கலாம். உலோகம் அன்டெனாவையே மறைத்தால் ஏலாது. கழற்றி எறிகிற அவசரத்தில் பழுதையும் சேர்த்தே கழற்றி எறிந்திருக்கிறேன், மடையன்!

அதைவிடக் கேவலம், அந்தக் கூட்டைப் போன மாதம் “நல்ல சாமான் டீச்சர்” என்று அவர் தலையில் கட்டியதும் நான்தான். அதையும் அவரிடம் சொன்னேன்.

“நான் இனி அந்தக் கடைப் பக்கம் போகமாட்டன்” என்றார்.

“இல்லை டீச்சர், நானும் வாறன்.”

கடையைப் பூட்டிவிட்டு இறங்கினோம். அதே பிள்ளை, அதே மெஷின், பின்னால் ஏழெட்டுப் பேர். கவர் இல்லாத ஃபோனின் பூட்டைத் திறந்து, கமராப் பக்கத்தை டீச்சர் மெஷினில் வைத்தார். பீப் என்றது.

நான் குனிந்தபடி, “பிழை என்னில. நான் வித்த கூட்டாலதான் வேலை செய்யேல்லை” என்றேன்.

டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

“சத்தமாச் சொல்லுங்கோ தம்பி. கடைசியில நிக்கிறவைக்குக் கேக்கேல்லை.”