செல்வந்தர் என்று சொன்னார்கள்

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த தரகர் அக்கா இதே தீவில் இருக்கும் மின்னி பே பகுதியிலிருந்து எங்கள் டெலானிபூர் அரசாங்கக் க்வார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். பையன் வீடு மதுரைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையனும் மகளும் கொஞ்ச நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பது தாண்டியவள், பல வரன் தட்டிப்போனவள், அந்தப் போன் வந்தால் மட்டும் சிரிப்பாள்.

"அவங்க செழிப்பா இருக்காங்க. ஒரு கடை இருந்துச்சு, பையன் தலையெடுத்ததும் ரெண்டாச்சு. உங்கள எப்படிச் சொல்றது?" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர், "பணக்காரன்னு சொல்லுங்கக்கா. ஒரு தடவயாவது காதால கேட்டுக்கறேன்" என்று சிரித்தார்.

"அரே, அத நம்மளே சொல்லிக்கிட்டா நேத்து லாட்டரி அடிச்சவன் பேச்சா இருக்கும். அது முதுகுக்குப் பின்னால சொல்ற வார்த்தை. செல்வந்தர்னு சொல்லிடறேன், மரியாதையா இருக்கும்."

எனக்கு நெருடியது. வயலும் தோப்பும் தலைமுறை தலைமுறையாக நிற்கிற வீட்டைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். எங்களுக்கு ஏசி இருந்தது, விடுமுறைக்கு ஊர் போக அரசாங்கச் செலவில் விமானம் இருந்தது. ஆனால் இவர் ஓய்வு பெற்றதும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"வசதின்னு சொல்லுங்கக்கா, போதும்" என்றேன்.

"அட, உனக்கு வாய்கூட இருக்கா! ஃப்ரிட்ஜ் வச்சிருக்கிற எல்லாரும் வசதிதான். அதுக்காக மெயின்லேண்ட்காரன் கடல் தாண்டி வருவானா?"

வந்தார்கள். பையனின் அப்பா ஜன்னலோரம் நின்று வெளியே இறங்கிய மலைச்சரிவைப் பார்த்தார்.

"தோப்பு எந்தப் பக்கம்?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "தோப்பு இல்லீங்க. இது க்வார்ட்டர்ஸ். அடுத்த வருஷம் ரிடயர்மென்ட்."

"ஊர்ல?"

"அப்பா வீடு அண்ணன் பேர்ல இருக்குங்க."

அவர் கோபப்படவில்லை. மகள் கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். "நல்ல வசதியாத்தான் இருக்கீங்க" என்றார். நான் கேட்டுக்கொண்ட அதே சொல்தான். அவர் வாயிலிருந்து வந்தபோது எங்களை அளந்து கீழே வைத்தது போல இருந்தது. பையன் தலை நிமிரவேயில்லை.

அவர்கள் ஊர் திரும்பியதும் அக்கா போன் செய்தார். "வசதியான வீடுன்னே சொல்லியிருந்தா அதுக்கேத்த மாதிரி யோசிச்சிருப்பாங்களாம். இப்ப பொய் சொன்ன குடும்பம்னு பேசறாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. அன்றோடு மகளுக்கு வந்த போனும் நின்றது.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்:

"இது சொந்த வீடு இல்ல, நிலம் கிடையாதுன்னு அவர்கிட்ட போன்ல நான் முதல்லயே சொல்லிட்டேம்மா."

"அவர் என்ன சொன்னார்?"

"'இல்லாட்டி என்ன'ன்னு சொன்னார்."

அவள் மடித்த புடவையையே பிரித்து மறுபடி மடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.