நெடுந்தீவுக் கால்

எங்களுக்கு இரண்டு பயணிகள் படகுகள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஓடுகிறவை. ஓட்டுவது என் கணவரும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும். கடலுக்குப் போகாத எல்லா வேலையும் என்னுடையது: அனுமதிப்பத்திரம், டீசல் பற்றுச்சீட்டு, காப்புறுதி. இறுப்பிட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி எப்போதும் கடதாசிகளின் கீழேதான் இருக்கும்.

அந்த வருடம் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இது? படகு ரெண்டா, கப்பல் ரெண்டா?"

பிரீமியத்தை ஒரேயடியாக உயர்த்தியிருந்தார்கள். காரணம் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்தில் ஒரு புதிய காப்புறுதித் தரகரைத் தேடிப் போனேன். ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அலுவலகம். என்னைவிட இளமையான ஒரு பெண், கதைக்கும்போதே தட்டச்சும் செய்வாள். படகுகளின் விபரம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அக்கா, கடைசி அஞ்சு வருசத்திலை நட்டஈடு கேட்ட கிளெய்ம் விபரம் வேணும்" என்றாள்.

"ஒண்டும் பெரிசா இல்லைப் பிள்ளை. ஒருக்கா புயலுக்கை ஒரு படகு துறையிலை அடிபட்டு விளிம்பு உடைஞ்சது. அவ்வளவுதான்."

"நீங்கள் சொன்னாக் காணாது அக்கா. நீங்கள் இவ்வளவு காலமும் இருந்த கொம்பனி தங்கடை லெட்டர்ஹெட்டிலை எழுதித் தரவேணும். ஒவ்வொரு வருசமும் எவ்வளவு பிரீமியம் கட்டினீங்கள், எத்தினை கிளெய்ம், என்ன காரணம், எவ்வளவு குடுத்தவை, இன்னும் முடியாமல் இருக்கிறது எவ்வளவு எண்டு. அது இல்லாமல் எந்தக் கொம்பனியும் உங்களுக்கு விலை சொல்லாது."

"அப்ப நீரே கேட்டு எடுமன்."

"எனக்குத் தரமாட்டினம். காப்புறுதிப் பொலிசி உங்கடை பேரிலை. நீங்கள்தான் எழுத்திலை கேக்கவேணும். எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லியும் அதிலையே எழுதுங்கோ."

கடிதத்தை அங்கேயே இருந்து எழுதினோம். நான் முதலில் எழுதியதில் கோபம் இருந்தது. அவள் அதை வெட்டிவிட்டு நாலு வரியில் மரியாதையாக எழுதித் தந்தாள். எந்தத் திகதிக்கு முன் வேண்டும் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள்.

பழைய நிறுவனத்தின் கிளை முகாமையாளர் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி சொன்னார். கடிதத்தை வாசித்ததும் சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது.

"எங்களை விட்டிட்டுப் போகப்போறியளோ?"

"போறதோ இருக்கிறதோ இன்னும் தெரியாது. விபரத்தைத் தாங்கோ, பாப்பம்."

"அது கொழும்பிலையிருந்துதான் வரவேணும். நான் சொல்லிவிடுறன்."

அவர் சொல்லிவிட்டாரோ என்னவோ, ஒன்றும் வரவில்லை. நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் "அனுப்பியாச்சு, அவையள் பாக்கினம்" என்றார். இவர் படகிலிருந்து வந்து கால் கழுவுவதற்கு முன்னமே "வந்திட்டுதோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. காப்புறுதி முடியும் நாள் நெருங்கியது. அது இல்லாமல் ஒரு பயணியையும் ஏற்ற ஏலாது. கடைசியில் தரகர் பெண் சொன்னபடி அதே கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கும் நேரே மின்னஞ்சலில் போட்டேன். கூடவே, பழைய காப்புறுதியைக் கொஞ்ச நாளைக்கு நீட்டித் தரும்படியும் கேட்டேன். நீட்டிப்பும் கிடைத்தது, அறிக்கையும் வந்தது. இரண்டும் ஒரே காலையில் வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அச்செடுத்துக்கொண்டு பேக்கரி மாடிக்கு ஓடினேன்.

தரகர் பெண் ஒரு வரியில் விரலை வைத்தாள். "அக்கா, இது என்ன?"

படகு விளிம்பு உடைந்த கிளெய்ம் இருந்தது, பணம் கொடுத்து முடிந்தது என்று. அதற்குக் கீழே இன்னொன்று. பயணி காயம், நெடுந்தீவு இறங்குதுறை. கொடுத்தது: ஒன்றுமில்லை. ஒதுக்கி வைத்தது: எங்கள் ஒரு படகின் விலைக்குக் கிட்ட. நிலை: முடியவில்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நெடுந்தீவில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு ரீச்சர், படகிலிருந்து துறைக்குக் கால் வைக்கும்போது அலை தூக்கியதில் சறுக்கி விழுந்தவர். கணுக்கால் முறிந்தது. நாங்கள் அன்றே நிறுவனத்துக்கு அறிவித்தோம். பொலிசியில் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பிறகு அவர் வவுனியாவில் மகள் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு நெடுந்தீவுக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது எங்கள் படகில்தான் போய்வருகிறார். எங்களிடம் ஒரு சதம் கேட்டதில்லை. அதனால் அதை ஒரு கிளெய்ம் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"அறிவிச்ச உடனை, கூடிப்போனா எவ்வளவு வரும் எண்டு ஒரு தொகையை ஒதுக்கி வைப்பினம்," என்றாள் அவள். "பிறகு நிலைமையைப் பாத்துக் குறைக்கவேணும், இல்லாட்டி மூடவேணும். இதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. உங்கடை பிரீமியம் ஏறினதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்."

"அப்ப இந்த வரியை விட்டிட்டு மற்றதைக் காட்டுவமே?"

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, மறைச்சு எடுத்த காப்புறுதி தேவைப்படேக்கை உதவாது. இதை அவையளைக் கொண்டுதான் திருத்தவேணும். இன்னொண்டு, நீங்களாப் போய் ரீச்சரோடை காசுக்கதை கதைக்காதேங்கோ. தாறம் எண்டும் சொல்லாதேங்கோ, பிழை எங்கடை எண்டும் சொல்லாதேங்கோ. அது கொம்பனி செய்யவேண்டிய வேலை."

மறுபடி கிளைக்குப் போனேன். கிளெய்ம் பகுதியில் ஒரு தம்பி கோப்பைத் தேடி எடுத்தார். ரீச்சருக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார்கள், வவுனியா விலாசத்துக்கு. பதில் இல்லை. பதில் இல்லாததால் கோப்பு அப்படியே படுத்துவிட்டது.

"அவ இப்ப நெடுந்தீவிலை. வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

"கடலாலையோ?"

"வேறை வழி இருந்தாச் சொல்லுங்கோ தம்பி."

அவர் நாவலப்பிட்டிப் பக்கத்து மலைநாட்டு ஆள். படகில் ஏறியதே இல்லையாம். குறிகட்டுவானில் உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். நயினாதீவுப் பக்கம் தாண்டும்வரை நல்ல பேச்சு. அதற்குப் பிறகு பேச்சு நின்றது. கோப்பை என்னிடம் தந்துவிட்டு விளிம்பால் தலையை நீட்டினார். "தூரத்தைப் பாருங்கோ தம்பி, தண்ணியைப் பாக்காதேங்கோ" என்று இவர் சுக்கானில் நின்று கத்தினார். பக்கத்திலிருந்த ஒரு அம்மா தேசிக்காய் ஒன்றைக் கீறி மணக்கக் கொடுத்தார். நெடுந்தீவில் இறங்கியபோது அவருடைய முகம் பழப்புளி நிறம்.

ரீச்சர் கல்வேலிப் படலை வாசலில் நின்று எங்களை வரவேற்றார். முதலில் தம்பிக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ கொடுத்தார். அவர் குடித்து முடித்து, நிமிர்ந்து இருந்து, கோப்பைத் திறந்து, வந்த காரணத்தைச் சொன்னார்.

"கடிதம் எனக்கு வரேல்லைத் தம்பி. மகள் வீடு மாறிட்டாள்," என்றார் ரீச்சர். "எவ்வளவு ஒதுக்கி வைச்சிருக்கிறியள்?"

தம்பி கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அதைச் சொல்ல ஏலாது ரீச்சர். குடுக்கப்போற காசில்லை அது. கூடிப்போனா எண்டு ஒரு மதிப்பீடு" என்றார்.

"என்ரை காலைப் பாக்காமலே மதிப்பிட்டனியளோ?"

"ஓம் ரீச்சர்."

"வழியைக் காட்டாமல் விடை எழுதினா நான் புள்ளி குடுக்கிறேல்லை." சொல்லிவிட்டு எழுந்து முற்றத்தின் அந்தத் தொங்கலுக்கு நடந்து, திரும்பி நடந்து வந்தார். "பாத்தனியள்தானே? மாரிக்கு மட்டும் கொஞ்சம் உளையும். இப்ப எழுதும்."

தம்பி உண்மையாகவே எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்றும் வேண்டாம் என்று ரீச்சர் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. தனியார் இடத்தில் எடுத்த ஸ்கான், வவுனியாவுக்குப் போன வான் கூலி, ஊன்றுகோல், எல்லாவற்றின் பற்றுச்சீட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது எனக்கு வரவேண்டியது. இதுக்கு மேலை ஒரு சதமும் வேண்டாம். கணக்கை முடிக்கிற உங்கடை படிவத்தைத் தமிழிலை கொண்டுவாரும், வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் ஒண்டு செய்யவேணும். உந்தப் படகிலை இறங்கேக்கை பிடிக்க ஒண்டுமில்லை. ஒரு கம்பி போடும்."

ஓம் என்று சொன்னால் பிழையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ? தரகர் பெண்ணின் முகம் கண்முன் வந்தது. நான் தம்பியைப் பார்த்தேன்.

"கம்பி போடுறது பாதுகாப்பு வேலை அக்கா. தாராளமாப் போடுங்கோ," என்றார் அவர். "எங்களுக்கும் அது நல்லதுதான்."

திரும்பி வரும் வழியில் கடல் குளம்போலக் கிடந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

அதன்பின் எல்லாம் கடகடவென்று நடந்தது. தமிழ்ப் படிவம் போனது, ரீச்சர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டார், பற்றுச்சீட்டுக் காசு அவருடைய கணக்குக்குப் போனது. கோப்பை மூடினார்கள். திருத்திய அறிக்கை வந்தபோது அந்த வரி அங்கேதான் இருந்தது. ஆனால் கொடுத்த தொகை சின்னது, ஒதுக்கியது ஒன்றுமில்லை, நிலை முடிந்தது. இவர் மடத்துவெளியில் ஒரு இரும்பு ஒட்டுவேலைக்காரரிடம் சொல்லி இரண்டு படகிலும் கைப்பிடிக் கம்பி போட்டார்.

தரகர் பெண் அறிக்கையை இரண்டு புதிய நிறுவனங்களுக்கு அனுப்பினாள். இப்போது விலை சொல்ல எல்லாருக்கும் வாய் வந்தது. பழைய கிளை முகாமையாளரும் அழைத்து, "நாங்களும் குறைச்சுத் தாறம், நிண்டு பாருங்கோவன்" என்றார். எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. இவ்வளவு காலத்துப் பழக்கம்.

"விலையை மட்டும் பாக்காதேங்கோ அக்கா," என்று மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் அவள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு புதிய நிறுவனம், படகில் இருக்கும்போது மட்டுமல்லாமல் ஏறும்போதும் இறங்கும்போதும் பயணிக்கு ஆபத்து வந்தாலும் பொறுப்பேற்பதாகத் தெளிவாக எழுதியிருந்தது. மற்ற இரண்டிலும் அந்த இடம் மங்கலாக இருந்தது. இவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதைத்தான் எடுப்பம்," என்றார். "எங்கடை சனம் விழுறதெல்லாம் துறையிலைதானே."

புதிய நிறுவனம் ஆள் அனுப்பிப் படகுகளைப் பார்த்தது, இரண்டு தீயணைப்பான் கூடுதலாக வைக்கச் சொன்னது, வைத்தோம். நீட்டிப்பு முடிவதற்கு முன்னமே பொலிசி கைக்கு வந்துவிட்டது. ஒரு பயணமும் நிற்கவில்லை.

சில நாளுக்குப் பிறகு நயினாதீவு ஓட்டத்தில் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணை வீட்டுக்கு வந்தார். அவருக்கும் பிரீமியம் ஏறிவிட்டதாம். நாங்கள் என்ன மந்திரம் செய்தோம் என்று கேட்டார்.

"மந்திரம் ஒண்டும் இல்லை அண்ணை. கிளெய்ம் விபரத்தை ஒவ்வொரு வருசமும், காப்புறுதி முடியிறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னமே கேட்டு எடுங்கோ. எடுத்து ஒவ்வொரு வரியா வாசியுங்கோ. முடிஞ்சதை முடிஞ்சது எண்டு போட்டிருக்கினமோ எண்டு பாருங்கோ."

"எழுதிக் கேக்க எனக்குத் தெரியாதே தங்கச்சி."

மேசையில் ஒரு மூலையை ஒதுக்கி, அவரை இருக்கச் சொல்லிவிட்டு, பேனையை எடுத்தேன்.