ஒரே ஒருத்திக்குக் கேள்வித்தாள்

உத்திரமேரூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், தேர்வுப் பிரிவு சூப்பரின்டென்ட் கல்பனாவுக்கு ஒரு கர்வம் உண்டு. பதினெட்டு வருஷமாகப் பட்ஜெட் போடுகிறாள், நிதிப் பிரிவு ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. கேள்வித்தாள் எழுதுகிற ஆசிரியருக்கு, அச்சகத்துக்கு, ஹால் சூப்பர்வைசருக்கு, ரிசல்ட் போடுவதற்கு என்று எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கீரை வாங்கினாலும் ஒரு கட்டு கொசுறு வாங்காமல் நகராதவள், பல்கலைக்கழகக் காசை மட்டும் விட்டுவிடுவாளா?

இந்த ஜனவரியில் பட்ஜெட்டுக்காகப் பழைய பில்களையும் ரிசல்ட் பட்டியல்களையும் புரட்டியபோது ஒரு வரி இடித்தது. பழைய பாடத்திட்டத்தில் புள்ளியியல் இரண்டாம் தாள். எழுத வேண்டியது ஒரே ஒரு அரியர் மாணவி. கேள்வித்தாள் தயாரிப்புச் செலவு, நான்கு தேர்வாக, ஒன்றுமில்லை. அது கல்பனாவின் கைவேலைதான். ஒருத்திக்காக இரண்டு ஆசிரியர்களிடம் தாள் வாங்கி, சரிபார்த்து, அச்சடிப்பது தண்டம் என்று, பாடக்குழுவைக் கேட்காமலே புதிய பாடத்திட்டத் தாளைக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். அதற்குப் பாராட்டும் வாங்கினாள்.

இடித்தது அதுவல்ல. நான்கு தேர்விலும் அந்தப் பெண்ணின் மதிப்பெண் பூஜ்யம். வராதவர்களுக்கு ஆப்சென்ட் என்றுதான் விழும். பூஜ்யம் என்றால் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விடைத்தாள்களை ஒரு வருஷம்தான் வைத்திருப்பார்கள் என்பதால் கடைசி இரண்டும் கிடைத்தன. பதிவெண் மட்டும் ஒரே கையெழுத்தில் இருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

ஹால் சூப்பர்வைசர் மோகன்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நாலு தடவயும் வந்துச்சு மேடம். ஹால் டிக்கெட்ல போட்டோவும் சரியாத்தான் இருந்துச்சு. நம்பர எழுதிட்டு மூணு மணி நேரம் கேள்வித்தாளயே பாத்துக்கினு இருந்துச்சு. போறப்ப அந்தக் கேள்வித்தாளக்கூட எடுத்துக்கல, டெஸ்க் மேலயே வெச்சிட்டுப் போயிடுச்சு."

விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். பெண்ணின் அப்பா தானியேல் எடுத்தார். காவாந்தண்டலத்தில் கூலிவேலை செய்கிறவர்.

"நிஷாவாம்மா? அது செத்து ரெண்டு வருஷம் ஆவப்போவுது. பரிட்ச எய்திட்டு வந்துச்சு, படிச்ச பாடம் வேற, அவங்க குடுத்த கேள்வி வேறன்னு அய்துக்கினே சொல்லிச்சு. அடுத்த வாரம் ரோட்டுல லாரி அடிச்சிடுச்சு."

கல்பனா விண்ணப்பத்தோடு இருந்த பீஸ் ரசீதைப் பார்த்தாள். "அப்போ பீஸ் யார் கட்றாங்க?"

"நான்தாம்மா. பேரு லிஸ்ட்ல இருந்துட்டுப் போவட்டும்னு."

நிஷா வந்து எழுதியது அந்த முதல் தேர்வு. மற்ற மூன்றில் உட்கார்ந்தது யார்? போனை வைத்துவிட்டு கல்பனா அந்த இரண்டு விடைத்தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தாள். பயம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. சட்டப்படி பெயரை அடிக்க வேண்டும். அவள் அடிக்கவில்லை. பழைய பாடத்திட்டப்படி தனிக் கேள்வித்தாளுக்குப் பட்ஜெட்டில் எண்ணாயிரம் கேட்டாள்.

நிதி அதிகாரி வினோத்குமார் சிரித்தார். "இன்னா மேடம், ஒரு ஆளுக்கு எட்டாயிரமா? நீங்களா இது?"

"போன நாலு தடவையும் தப்பு பண்ணிட்டேன் சார். அந்தப் பொண்ணு படிச்சதுலேர்ந்து ஒரு தடவையாவது கேக்கணும்."

ஏப்ரலில் சீல் வைத்த உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று மாணவிக்கு, ஒன்று உபரி. அன்றைக்கு ஹால் டியூட்டியைக் கல்பனாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். மாடியில் கடைசி அறை, ஒரே ஒரு டெஸ்க். பத்து மணிக்கு விடைத்தாளையும் கேள்வித்தாளையும் டெஸ்க்கில் வைத்தாள். உபரித் தாள் அவள் மேஜையில் உறைக்குள் இருந்தது.

யாரும் வரவில்லை. பத்தரைக்கு விதிப்படி ஆப்சென்ட் போட்டாள். போட்ட பிறகும் எழுந்து போக மனம் வரவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை. வெயில் கொளுத்துகிற மாதத்தில் அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது. டெஸ்க்கைப் பார்க்கத் துணிவில்லாமல் ஒரு மணிவரை குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்ததும் போய்ப் பார்த்தாள். விடைத்தாள் வைத்தபடியே இருந்தது. கேள்வித்தாள் இல்லை. டெஸ்க்குக்கு அடியில், கதவுக்குப் பின்னால், வராந்தாவில் எல்லாம் தேடினாள். உறைக்குள் உபரித் தாள் ஒன்றுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து, பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுடைய கணக்கு திரும்பி வந்தது. வினோத்குமார் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'அச்சிட்டது இரண்டு. மாணவி வரவில்லை. திரும்பி வந்தது ஒன்று. இன்னொன்று எங்கே?'

கல்பனா அதற்குக் கீழே, தயங்காமல் எழுதினாள்: 'மாணவி எடுத்துச் சென்றார்.'