இரண்டு நொடியில் தெரிய வேண்டிய வரி

எங்க ஆபீஸில் ஆப் செய்வதற்கு முன்னால் கதை எழுத வேண்டும். யூசர் ஸ்டோரி என்று பேர். இன்னாருக்கு, இன்னது, இதற்காக வேண்டும் என்று ஒரே வரி. அதன் கீழே, என்னென்ன நடந்தால் வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனைகள். திருவனந்தபுரத்தில் ஆரியசாலையிலிருந்து கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் பதினோரு வருஷமாக நான் செய்கிற வேலை இதுதான். கெட்டிக்காரி என்று பேரும் எடுத்திருந்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எரிச்சலாக வருகிறது.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே இலவச ஆஸ்பத்திரி நடத்துகிற ஒரு டிரஸ்ட்டுக்காக ஆப். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் பொத்தானை அழுத்த வேண்டும்; கீழே ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரின் போனில் மணியடிக்கும். எஸ்டேட் நர்ஸம்மா, திருநெல்வேலிக்காரி, எங்களோடு பேச ஒரு நாள் வந்தார்.

"இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

"போர்வையில போட்டுத் தூக்கிட்டு நாலாவது வளைவு டீக்கடைக்குப் போயிருவோம். அங்க எப்பவும் ஏதாவது வண்டி நிக்கும்."

"இனிமே தூக்க வேண்டாம், உக்காந்த இடத்துக்கு வண்டி வரும்" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மழை பெஞ்சா லயத்துல சிக்னல் போயிரும், மேடம். அப்ப இது என்ன செய்யும்?"

நல்ல கேள்வி. அதற்கும் ஒரு கதை எழுதித்தான் வைத்தேன். ஆனால் டிரஸ்ட்காரர்கள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். முதல் வெளியீட்டில் எல்லாம் அடங்காது என்று பட்டியலை வெட்டினபோது, சிக்னல் இல்லாத கதையை இரண்டாம் வெளியீட்டுக்குத் தள்ளினது நான்தான். தனிக் கதைதானே, தனியாகத் தள்ளலாம் என்று நினைத்தேன். அது தனிக் கதையே இல்லை. பொத்தான் கதைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய நிபந்தனை.

பொத்தான் கதையில் நான் எழுதினது இது: பொத்தானை அழுத்தினால், இரண்டு நொடிக்குள், 'வண்டி வருகிறது. இருந்த இடத்திலேயே இருங்கள்' என்று திரையில் தெரிய வேண்டும். பதறுகிற ஆளுக்கு உடனே பதில் வேண்டுமே என்ற கரிசனம். டிரைவரின் போனுக்குத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிய வேண்டும் என்று எழுதவில்லை.

ஆப் செய்த பையன் கெட்டிக்காரன். இரண்டு நொடி தவறக்கூடாதென்று, அழுத்தின உடனே வரி தெரிகிற மாதிரியும், தகவல் அதற்கப்புறம் போகிற மாதிரியும், போகாவிட்டால் சிக்னல் வந்ததும் தானாகப் போகிற மாதிரியும் செய்தான். ஆறாவது மாடியில் ஆபீஸ் வைஃபையில் சோதித்தோம். எல்லாம் பச்சை டிக். நான்தான் ஒப்புதல் கொடுத்தேன்.

மழை பிடித்த இரண்டாவது வாரம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நர்ஸம்மாவின் போன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"கொழுந்து பறிக்கப் போன இடத்துல ஒருத்திக்குப் பாம்பு கடிச்சிருச்சு, மேடம். காலைல எட்டு மணிக்கு. லயத்துக்குக் கொண்டுவந்து, நீங்க சொன்ன மாதிரியே பொத்தானை அழுத்தியிருக்காங்க. வண்டி வருதுன்னு போட்டுச்சு."

"வண்டி வந்துச்சா?"

"பதினோரு மணிக்கு டிரைவருக்கு மணியடிச்சுது."

நான் லைனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தப் பையனிடம் ஓடினேன். அவன் சர்வரில் பார்த்தான். எட்டு ஐந்துக்கு அழுத்தியிருக்கிறார்கள். சிக்னல் வந்து தகவல் வந்து சேர்ந்தது பதினொன்றுக்கு. அவன் என் முகத்தைப் பார்க்காமல், "சேச்சி, இதைத் தப்புன்னு பதியணுமா? நிபந்தனைப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனை மறுபடி காதில் வைத்தேன். "அந்தப் பொண்ணு?"

"போர்வையை விரிச்சுத்தான் வச்சிருந்தாங்க, மேடம். தூக்க நாலு ஆளும் நின்னாங்க. இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லுதேன்னு இருந்துட்டாங்க. போயிட்டா. அந்த வரியை எழுதினது யாருன்னு அவ புருஷன் கேக்கான்."

என்னால் பொய் சொல்ல முடிந்திருக்கும். கம்பெனி என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான். அவர்கிட்ட போனைக் குடுங்க" என்றேன்.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அம்மா," என்றார், "வண்டி வருதுன்னு நீங்க எழுதினப்ப, அது எங்க வந்துக்கிட்டு இருந்துச்சு?"