பத்து நிமிடம் நாலு நிமிடமான கதை

அவளை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. நாத்தனார். அந்தக் கூப்பாட்டிலேயே பாதி கிண்டல் இருக்கும். பதினைந்து வருஷம் அடுப்படியிலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திலும் போக்கிவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் ஓர் அலுவலகத்தில் இன்டர்னாகச் சேரப் போகிறேன் என்று அண்ணி சொன்ன அன்று, நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொண்ணும் நீங்களும் ஒரே பையை மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போங்க அண்ணி" என்றாள். வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பெண்களுக்கு நடுவில் கருத்து என்று ஒன்று வந்ததே இல்லை.

அலுவலகம் என்பது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவு. பெரிய கூடத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஆட்கள் பேசுவார்கள். ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. அவர்கள் எத்தனை அழைப்பு பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்குப் பார்க்கும் குழு அதற்குள். அண்ணி சேர்ந்தது அந்தக் குழுவில். அந்த அறையில் ஒருவர்கூட ஒரு வாடிக்கையாளர் குரலைக் கேட்டதில்லை. கேட்டால் காது அழுக்காகிவிடும் என்று நினைப்பு போல.

குழுத் தலைவனுக்கு அண்ணி மனதுக்குள் வைத்த பெயர் சூப்பர். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றாலும் சூப்பர் என்பான், தலைவலி என்றாலும் சூப்பர் என்பான். அவளைவிடப் பதினைந்து வயது இளைய அந்தப் பிள்ளை, அவளுக்கு மௌஸ் பிடிக்கக்கூடச் சொல்லிக்கொடுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி சரி என்றாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, போன் செய்தவுடன் வரும் பதிவுக் குரலைத் திருத்துவது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒன்பது வரைக்கும் போகும் அது. முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் எதற்குப் போன் செய்தோம் என்பதே மறந்துபோகும். அந்த மெனுவை நாலாகக் குறைத்தாள். கொஞ்ச நாளில் ஜனங்கள் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் பத்து நிமிடத்திலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது. சூப்பர் துள்ளிக் குதித்தான். அன்றைக்கே அந்த நாலு நிமிடக் கணக்கு மேலிடத்துக்குப் போய்விட்டது.

கடைசி வாரம், குழுவுக்கு முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். என்ன சாதித்தேன், என்ன கற்றேன். அது முடிந்த பிறகுதான், காலியாக இருக்கும் ஒரே ஒரு நிரந்தர இடத்தை அவளுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள். அது தனக்குத்தான் என்று அவள் வீட்டில் சொல்லியும் விட்டாள். நாத்தனாரிடமும் சொல்லிவிட்டாள், அதுதான் வினை.

ஸ்லைடு எப்படி இருக்க வேண்டும் என்று சூப்பர் வகுப்பு எடுத்தான். நாலு என்ற எண் சுவர் அளவுக்கு வர வேண்டும். கற்றது என்ன என்ற இடத்தில் 'கூட்டு முயற்சி, நேர மேலாண்மை' என்று எழுதி, கைகோத்திருக்கும் படம் ஒன்று போட வேண்டும். அந்தப் படத்தையும் அவனே அனுப்பினான். எல்லா இன்டர்னும் அதைத்தான் போட்டார்களாம். எல்லா இன்டர்னும் அதையேதான் கற்றார்கள் என்றால் ஒருவரும் ஒன்றும் கற்கவில்லை என்றுதானே அர்த்தம்? அண்ணி கேட்கவில்லை. நாலைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. "உங்க ஆபீஸுக்கு நானும் போன் பண்ணிப் பண்ணி ஓஞ்சுட்டேன். பாட்டு போடுறான், போடுறான், ஆறு நிமிஷம் ஆனா டொக்குன்னு கட் பண்றான்" என்றாள்.

"அது ஒண்ணும் என் ஆபீஸ் இல்ல. நான் வெறும் இன்டர்ன்" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டாளே தவிர, மனது உறுத்தியது. மறுநாள் தொலைபேசி இயந்திரத்தைக் கவனிக்கும் டெக்னீஷியனிடம் விசாரித்தாள். அவர் டீயை ஊதிக்கொண்டே, லைன் நிரம்பி வழிகிறது, அதனால் ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும் அழைப்பு தானாகத் துண்டாகும்படி வைத்தேன், உங்கள் தலைவருக்கும் தெரியுமே என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சராசரி எடுப்பது பதில் கிடைத்தவர்களை மட்டும் வைத்து. துண்டிக்கப்பட்டவன் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கணக்கில் வரவே மாட்டான். போய் அறிக்கையைப் பார்த்தாள். துண்டான அழைப்புகள் இரண்டு மடங்காகியிருந்தன. ஒளித்து வைக்கவெல்லாம் இல்லை, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவளும் பார்க்கவில்லை. துண்டிப்பு வருவதற்கு முந்தைய வாரங்களில், அவளுடைய மெனுவால் மட்டும் காத்திருப்பு இறங்கியது பத்திலிருந்து ஒன்பதுக்குத்தான்.

ஒரு நிமிடம். இத்தனை நாள் தூக்கிச் சுமந்த சாதனை அவ்வளவுதான். போயும் போயும் நாத்தனார் சொல்லித் தெரிய வேண்டியிருந்ததே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சூப்பரிடம் போய்ச் சொன்னாள். முதல்முறையாக அவன் வாயிலிருந்து சூப்பர் வரவில்லை. "அக்கா, நாம என்ன பொய்யா சொல்றோம்? நாலுன்னா நாலுதானே. கட் ஆனதைப் பத்தி யாரு கேக்கப் போறாங்க? ஒரு சீட்டுதான் இருக்கு, பாத்துக்கோங்க" என்றான்.

அன்று மாலை வீட்டுக்காரரை உட்கார வைத்து, நாலை மட்டும் சொல்லி ஒரு விதமாகவும், துண்டிப்பையும் சேர்த்துச் சொல்லி இன்னொரு விதமாகவும் பேசிக் காட்டினாள். இரண்டுமே நன்றாக இருக்கிறது என்றார் அவர். இந்த மனிதரிடம் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், நாத்தனார் ஆயுசுக்கும் சிரிப்பாள். சொல்லாவிட்டால் அந்தக் கைகோத்த படத்துக்குக் கீழே தானும் நிற்க வேண்டும். படத்தை அழித்தாள்.

கூட்டத்துக்கு இயக்குநர் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அண்ணி நாலைக் காட்டினாள். பிறகு அடுத்த ஸ்லைடில் அதன் பக்கத்திலேயே துண்டான அழைப்புகள் ஏறிக்கொண்டே போகும் வரைபடக் கோட்டைக் காட்டினாள்.

"என் மெனுவால குறைஞ்சது ஒரு நிமிஷம். மீதி அஞ்சு நிமிஷம் நாம ஜனங்க போனைக் கட் பண்ணதால குறைஞ்சது. எனக்கு வேண்டிய நம்பர் வந்ததும் நான் மேல எதையும் பாக்கல. அதான் நான் கத்துக்கிட்டது" என்றாள். அந்தத் துண்டிப்பை எடுத்துவிட்டு, காத்திருப்பவர்களை நாமே திரும்ப அழைக்கலாம், அறிக்கையில் இரண்டு எண்ணையும் சேர்த்தே போடலாம் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

வேலை போச்சு என்று அவள் நிம்மதியாகவே மூச்சு விட்டாள்.

கை தட்டினார்கள். எதற்கும் தட்டுகிற அதே தட்டல். கொடுத்த நேரத்துக்குள் தெளிவாகப் பேசி முடித்தார், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இயக்குநர் அம்மா பாராட்டினார். நேர்மைதான் நம் குழுவின் பலம் என்று சூப்பர் எழுந்து நின்று வெட்கமில்லாமல் சொன்னான். துண்டிப்பை எடுப்பது? அது பிறகு பேச வேண்டிய விஷயமாம். நாலு என்ற எண் ஏற்கெனவே எல்லா இடத்துக்கும் போய்விட்டதாம். சாயங்காலமே வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்தோடு எனக்கென்ன என்று அதை முகத்தில் எறிந்துவிட்டு வரலாம் போல அவளுக்கு இருந்தது. சிரித்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். பேச்சு எதற்கு, உத்தரவை எடுத்து நீட்டினாள். நாத்தனார் இரண்டு தடவை படித்தாள். சிரிக்கவில்லை. "சந்தோஷம் அண்ணி. நிஜமாவே" என்றாள். அவள் கண் கலங்கியதை அண்ணி இதுவரை பார்த்ததில்லை.

பிறகு நாத்தனார் போனை எடுத்து அதே எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்தாள். ஊழியரின் சொந்தக்காரர் வீடானாலும் பழுதுக்கு அந்த ஒரு வழிதான். பாட்டு ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து கெட்டுப்போன பாலின் வாடை வந்தது.

"இப்போ இது உங்க ஆபீஸ்தானே அண்ணி?"

"ஆமா."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டைக் கேட்டார்கள். ஆறாவது நிமிடம் டொக்கென்று நின்றது. நாத்தனார் மறுபடி எண்ணைப் போட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு.